டீயில் சீனியைக் குறைக்க: ஒரேயடியாக விடுவதா, படிப்படியாகவா, வெல்லமா, மாத்திரையா?

ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனையாளராக இருக்கும் 52 வயதுக்காரர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்தார். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை 112, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 6.0 என்று வந்திருந்தது. இது நீரிழிவு அல்ல, அதற்கு முந்தைய படி. மருந்து எதுவும் தொடங்காமல், முதலில் டீயில் போடும் சீனியைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நாளையிலிருந்து சீனியே இல்லாமல் குடித்துவிடட்டுமா, வெல்லத்துக்கு மாறட்டுமா, இல்லை அந்தச் சின்ன இனிப்பு மாத்திரையை வாங்கட்டுமா?" ஏறக்குறைய எல்லாரும் இதே மூன்றைத்தான் கேட்கிறார்கள். படிப்படியாகக் குறைத்து, டீ போடும் விதத்தையும் மாற்றும் நான்காவது ஒரு வழியும் உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. அந்த வழிதான் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துகிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன், இப்போது எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டும். "இரண்டு ஸ்பூன்" என்ற பதிலை நான் அப்படியே ஏற்பதில்லை. தலை தட்டிய தேக்கரண்டி ஒன்றில் சுமார் 4 கிராம் சீனி இருக்கும். அதே கரண்டியைக் குவித்து எடுத்தால் 6 முதல் 8 கிராம் வரை வரும். ஒருமுறை குவித்து எடுத்துப் பார்த்தால் எடைப் பொறியில் வித்தியாசம் சரியாகத் தெரியாது. பத்து கரண்டி எடுத்துப் போட்டு எடை பார்த்து, பத்தால் வகுத்தால் உங்கள் வீட்டுக் கரண்டியின் உண்மையான அளவு கிடைக்கும். இவர் வீட்டில் அது 7 கிராம். காலையும் இரவும் வீட்டில் குடிக்கும் டம்ளர் ஒவ்வொன்றிலும் இரண்டு குவித்த கரண்டி, அதாவது 14 கிராம். டீக்கடையில் பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் ஒவ்வொரு கிளாஸ். வழக்கமாகக் குடிக்கும் கடையில் ஒரு நாள் சீனியைத் தனியாகக் காகிதத்தில் வாங்கி வரச் சொன்னேன். எடை போட்டபோது 10 கிராம் இருந்தது. வீட்டில் 28, கடையில் 30, ஆக நாளொன்றுக்கு 58 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை எல்லா உணவிலிருந்தும் சேர்த்து 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. இவர் டீயிலேயே அந்த மேல் எல்லையைத் தாண்டிவிட்டார். பாலில் இயல்பாக இருக்கும் லாக்டோஸ் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே பாலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மலேசியாவில் தே தாரிக் குடிப்பவர்களும், டப்பாவில் வரும் கெட்டிப்பாலை வீட்டு டீயில் ஊற்றுபவர்களும் கவனிக்க வேண்டும்: இனிப்பூட்டிய கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி எடை சர்க்கரைதான், அதில் பெரும்பகுதி வெளியிலிருந்து சேர்த்தது.

இனி வழிகளுக்கு வருவோம். முதலில் வெல்லத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் ஆசையோடு வருபவர்களை இங்கேதான் நான் ஏமாற்ற வேண்டியிருக்கிறது. எங்கள் தென்மாவட்டங்களில் வெள்ளையாக இருப்பதைச் சீனி என்றும், வெல்லத்தூளையோ நாட்டுச்சர்க்கரையையோ சர்க்கரை என்றும் சொல்வார்கள். ஓர் அம்மா என்னிடம், "சீனியை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது, சர்க்கரைதான் போடுகிறேன்" என்றார். சென்னையில் வளர்ந்த என் உதவியாளருக்கு அது புரியாமல், இரண்டையும் ஒன்றென்று நினைத்து, குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டார். உடலும் அந்த உதவியாளரைப் போலத்தான், இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு எல்லாவற்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் அதே சர்க்கரைதான். 100 கிராம் சீனியில் சுமார் 400 கலோரி என்றால் வெல்லத்தில் சுமார் 380. வெல்லத்தில் ஈரமும் தாதுக்களும் இருப்பதால் இனிப்பு சற்றுக் குறைவு. அதை ஈடுகட்ட நாம் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடுகிறோம், கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது.

வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அளவைப் பாருங்கள். 10 கிராம் நல்ல வெல்லத்தில் கிடைப்பது 1 மில்லிகிராம் அளவுக்கு மேல் போவது அரிது. பல வெல்லங்களில் அதைவிடக் குறைவு. நம் நாட்டுப் பரிந்துரைப்படி வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராமும் ஆணுக்கு 19 மில்லிகிராமும் தேவை. அந்தச் சிறு அளவையும் டீயில் கரைத்தால், தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. இரும்புக்காக வெல்லம் உண்ண விரும்பினால், டீ அதற்கு மிகப் பொருத்தமில்லாத இடம். தேனின் கதையும் இதுவே. ஒரு தேக்கரண்டித் தேனின் எடை சுமார் 7 கிராம், அதில் சர்க்கரை ஐந்தரை கிராமுக்கு மேல். தலை தட்டிய ஒரு கரண்டி சீனியைவிட இது அதிகம். கருப்பட்டி டீயின் மணம் எனக்கும் பிடிக்கும். அந்த மணத்துக்காகக் குடியுங்கள், அடுப்பை அணைத்த பிறகே சேருங்கள், இல்லையென்றால் பால் திரிந்துவிடும். ஆனால் சர்க்கரையைக் குறைத்துவிட்டதாக மட்டும் எண்ண வேண்டாம்.

அடுத்தது மாத்திரை, தூள், சொட்டு வடிவங்களில் வரும் செயற்கை இனிப்பூட்டிகளும், சீனித்துளசி என்று சொல்லப்படும் ஸ்டீவியாவும். இவற்றில் கலோரி இல்லை என்று சொல்லும் அளவுக்கே இருக்கிறது. இரத்தச் சர்க்கரையையும் உடனடியாக ஏற்றுவதில்லை. ஏற்கெனவே நீரிழிவு இருந்து, நாளுக்கு நான்கைந்து டீ இல்லாமல் முடியாது என்பவருக்கு இவை உண்மையாகவே பயன்படும். அஸ்பார்டேம் நீண்ட நேரம் கொதித்தால் சிதைந்து இனிப்பை இழக்கும் என்பதால் டம்ளரில் ஊற்றிய பிறகே போட வேண்டும்; சுக்ரலோஸுக்கு டீயின் சூடு ஒரு பொருட்டல்ல; ஸ்டீவியா சிலருக்கு நாக்கின் கடைசியில் கசப்பாகத் தங்கும். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

2023 ஜூலையில் அஸ்பார்டேம் "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற வகையில் சேர்க்கப்பட்டதாகச் செய்தி வந்ததும் பலர் பதற்றத்தோடு என்னை அழைத்தார்கள். அந்த வகைப்பாடு சான்றுகள் குறைவாக இருப்பதைக் குறிப்பது. அதே சமயத்தில் ஆராய்ந்த மற்றொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 2400 மில்லிகிராம். நாளுக்கு நான்கு மாத்திரை போடுபவர் அதன் அருகில்கூடப் போவதில்லை. நான் தயங்குவது வேறு காரணத்துக்காக. அதே ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நீண்ட காலத்தில் எடை குறைவதாகத் தெளிவான பலன் தெரியவில்லை என்பதே காரணம். நீரிழிவு ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. மாத்திரை போட்ட டீ பழைய டீயைப் போலவே தித்திப்பதால், நாக்கு எதையும் கற்றுக்கொள்வதில்லை. மாத்திரை டப்பாவை வீட்டில் மறந்து வந்த நாளில் கடையில் இரண்டு ஸ்பூன் போட்ட டீதான் கையில் இருக்கும். ஆகவே நீரிழிவு உள்ளவருக்கு இதை ஒரு துணையாகவும், மற்றவர்களுக்குத் தேவையற்றதாகவும் கருதுகிறேன். அதிமதுரம் போட்டு இனிப்பூட்டலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள், தினமும் வேண்டாம். அது இரத்த அழுத்தத்தை உயர்த்தும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு அது உண்மையான ஆபத்து.

இனி, ஒரேயடியாக விடுவதா, படிப்படியாகக் குறைப்பதா? இரண்டும் பலிக்கும். 2019-இல் இங்கிலாந்தில் இனிப்பு டீ குடிக்கும் 64 ஆண்களை வைத்து ஒரு சிறு ஆய்வு நடந்தது. ஒரு மாத முடிவில் சீனியை விட்டிருந்தவர்கள் படிப்படியாகக் குறைத்த குழுவில் 42 விழுக்காடு, உடனே நிறுத்திய குழுவில் 36 விழுக்காடு, எதுவும் சொல்லப்படாத குழுவில் 6 விழுக்காடு. முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை இவ்வளவு சிறிய ஆய்வில் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. எனக்கு அதில் பயனுள்ளதாகப் பட்டது, டீயை ரசிப்பது குறையவில்லை என்பதுதான்.

என் அனுபவத்தில் தேர்வு குணத்தைவிடக் குடிக்கும் முறையைப் பொறுத்தது. நாளுக்கு ஒன்று இரண்டு டீ மட்டும், அதுவும் வெளியே, குடிப்பவருக்கு ஒரேயடியாக விடுவது எளிது. கடையில் "வித்தவுட்" என்ற ஒரே சொல் போதும். கால் ஸ்பூன் அரை ஸ்பூன் என்று மாஸ்டரிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. முதல் வாரம் கசக்கும், இரண்டாவது வாரம் அலுக்கும், மூன்றாவது வாரத்தில் பலருக்குப் பழகிவிடும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே பாத்திரத்தில் சீனி போட்டுக் கொதிக்கவைக்கும் குடும்பங்களில், நாளுக்கு நான்கைந்து டீ குடிப்பவர் ஒரேயடியாக விட்டால் பெரும்பாலும் வேறொன்று நடக்கிறது: டீயில் போன இனிப்பு பக்கத்துத் தட்டில் பிஸ்கட்டாகவோ, பன்னாகவோ, கடலை மிட்டாயாகவோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. சீனியை விட்ட பிறகு டீயுடன் எதையாவது கடிக்கத் தோன்றுவது அதிகமானால், வேகம் அதிகம் என்று பொருள்.

ஜவுளிக்கடைக்காரருக்கு அதனால் படிப்படியான வழியையே சொன்னேன். முதல் மாற்றம் பாத்திரத்தில் சீனி போடுவதை நிறுத்தி, அவரவர் டம்ளரில் போட்டுக் கலக்குவது. பிறகு இரண்டு வாரம் ஒரு குவித்த கரண்டியும் ஒரு தலை தட்டிய கரண்டியும், அதாவது 11 கிராம்; அடுத்த இரண்டு வாரம் தலை தட்டிய இரண்டு கரண்டி, 8 கிராம்; அதன் பின் ஒன்றரை, 6 கிராம்; கடைசியில் ஒன்று, 4 கிராம். ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைகிறது. அதற்கு மேல் குறைத்தால் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும்; அதைவிடச் சிறிதாக வைத்தால் மாதக்கணக்கில் இழுத்து, நடுவில் ஒரு விருந்து வந்து எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். கரண்டியைத் தலை தட்டுவதற்குக் கத்தியின் முதுகு போதும். நன்றாகக் கலக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அடியில் தங்கிய சீனி கடைசி மடக்கில்தான் வாயில் படும், அதுவரை குடித்ததெல்லாம் சப்பென்று இருக்கும். ஆறிய டீயில் அதே சீனி குறைவாகவே இனிக்கும் என்பதால், வாய் பொறுக்கும் இளஞ்சூட்டில் குடிப்பதும் உதவும்.

நான்கு வாரம் சிக்கலின்றிப் போயிற்று. ஆறு கிராமுக்கு வந்ததும் மனிதர் தடுக்கி நின்றார். "டீ கசக்கிறது, குடிக்கவே முடியவில்லை" என்றார். சீனி குறைந்ததால் இனிப்பு குறைந்தது என்று சொல்லியிருந்தால் நான் இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருப்பேன். கசக்கிறது என்றதால், அவர் மனைவி டீ போடும் விதத்தைக் கேட்டேன். நான்காவது வழி என்று முதலில் சொன்னதன் மறுபாதி இங்கேதான் வருகிறது. நம் டீயில் சீனி செய்யும் வேலைகளில் பாதி, இனிப்பதல்ல. கசப்பையும் துவர்ப்பையும் மறைப்பது. அவர் வீட்டில் டஸ்ட் தேயிலையைக் குவித்து இரண்டு கரண்டி போட்டு, தண்ணீரும் பாலும் சேர்ந்தே பத்து நிமிடம் கொதித்துக்கொண்டிருந்தது. டஸ்ட் தூள் மிகப் பொடியானது. நிறமும் துவர்ப்பும் இரண்டு மூன்று நிமிடத்திலேயே இறங்கிவிடும். அதற்கு மேல் கொதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் கசப்பைத்தான் கூட்டும். அந்தக் கசப்புக்கு ஈடாக ஒரு கரண்டி சீனி தேவைப்படும்.

மாற்றியது இவ்வளவுதான். ஒரு டம்ளருக்குத் தலை தட்டிய ஒரு கரண்டித் தூள். இஞ்சியோ ஏலக்காயோ வேண்டுமென்றால் தூளுக்கு முன்பே தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். பச்சை இஞ்சியைப் பாலில் நேரடியாகப் போட்டால் அதிலுள்ள நொதி பாலைத் திரித்துவிடலாம், தண்ணீரில் கொதித்த இஞ்சி அப்படிச் செய்யாது. தூள் போட்டு இரண்டு நிமிடம், அடுப்பை அணைத்து மூடி இரண்டு நிமிடம், வடிகட்டிய பிறகு தனியாகக் காய்ச்சிய பால். பாலின் புரதம் துவர்ப்புப் பொருட்களைப் பிடித்துக்கொள்வதால் பாலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் நாக்கில் உரசல் குறையும். ஏலக்காயில் இனிப்பே இல்லை. ஆனால் பாயசத்திலும் கேசரியிலும் அதை இனிப்போடு சேர்த்தே முகர்ந்து பழகியிருப்பதால், அந்த வாசனை வந்தாலே டீ தித்திப்பது போலத் தோன்றும். அடுத்த வாரம் அவர் அதே ஆறு கிராமில் டீ "கொஞ்சம் தித்திப்பாக இருக்கிறது" என்றார். எட்டாவது வாரத்தில் நான்குக்கு இறங்கினார்.

கடை டீக்கும் இதே காரணம்தான். அங்கே பல கடைகளில் சீனியை முதலில் கிளாஸில் போட்டு, அதன் மேல் டிகாஷனும் பாலும் ஊற்றி ஆற்றுகிறார்கள். அப்படிப்பட்ட கடையில் "சீனி கம்மி, லைட்" என்று ஒன்றாகச் சொன்னால்தான் பலன். ஸ்ட்ராங் டீயில் சீனியை மட்டும் குறைத்தால் கசப்பு அப்படியே முகத்தில் அடிக்கும். நெடுநேரமாகச் சூட்டிலேயே நிற்கும் டிகாஷன் இன்னும் கடுமையாக இருக்கும் என்பதால், புதிதாகத் தூள் மாற்றும் நேரம் தெரிந்தால் அப்போது போவது நல்லது. பாலிலேயே சீனி கலந்து வைக்கும் கடைகளில் எதுவும் கேட்டுப் பயனில்லை. அங்கே கிளாஸின் அளவையோ எண்ணிக்கையையோதான் குறைக்க முடியும். இவர் ஏழு மணி டீயை விட்டுவிட்டார்; அது பழக்கத்துக்காகக் குடித்தது, விட்டதும் தெரியவில்லை. மீதி இரண்டிலும் இப்போது தலா சுமார் 5 கிராம் வருகிறது. ஒரு முறை மறுபடியும் காகிதத்தில் வாங்கி வரச் செய்து பார்த்தோம். வீட்டில் 8, கடையில் 10, ஆக 18 கிராம். 58-இலிருந்து 40 கிராம் குறைவு. நாளுக்கு 160 கலோரி, மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் சீனி. அடுத்த பரிசோதனையில் எண்கள் இறங்கினால் அதற்கு டீயை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். இரவுச் சோற்றின் அளவும் மாலை நடையும் அதில் சேர்ந்தே இருக்கும்.

ஏற்கெனவே இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இதே கணக்கை அப்படியே பின்பற்றக் கூடாது. நாளுக்கு 40 கிராம் சர்க்கரையை எடுத்துவிட்டால் பழைய மருந்தளவு அதிகமாகி, சர்க்கரை தாழ்ந்துவிடலாம். ஆகவே குறைக்கத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லி, முதல் சில வாரங்கள் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, படபடப்பு, பேச்சில் குழப்பம் ஆகியவை தாழ்ந்ததற்கான அறிகுறிகள். 70-க்குக் கீழே போனால் தலை தட்டிய நான்கு தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். இன்னும் தாழ்வாகவே இருந்தால் அதையே திரும்பச் செய்ய வேண்டும். நினைவு மங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இனிப்பூட்டி மாத்திரை போட்ட டீ அந்த நேரத்தில் எதற்கும் உதவாது என்பதால், டீயில் சீனியை முற்றிலும் விட்ட வீட்டிலும், அலமாரியில் ஒரு சிறு டப்பாச் சீனி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.